1,030 ரூபாய் வீட்டு வரி 4,505 ஆகிவிட்டது: அக்கம்பக்கத்து ரசீதுகளை வைத்து மனு போட்டால் எடுபடுமா?

12.08.2022, மாடிரூம்

வேலூர் பக்கத்தில் ஒரு நகராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம், அதே அலுவலகத்துக்குத்தான் நாளைக்கும் போய் நிற்கணும்.

நைனா 1998-ல் கட்டிய வீடு. கீழே 26 அடிக்கு 33 அடி, தளம் போட்டது. 2019-ல் மாடியில் ஒரு ரூமும் பாத்ரூமும் எடுத்தோம், 16க்கு 20. நானும் அம்மாவும்தான் இருக்கிறோம், வாடகைக்கு யாரும் இல்லை. இதுவரை அரையாண்டுக்கு 1,030 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். நூலக வரி தனி.

ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஒரு அறிவிப்பு கொடுத்துவிட்டுப் போனார்கள். அரையாண்டு வரி 4,505. ஏப்ரலில் வரி ஏறியது தெரியும், மாடி ரூமுக்குச் சேர்த்துப் போடுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் நாலு மடங்குக்கு மேலே? எதிர்வீட்டு அத்தை இரண்டாயிரத்துச் சொச்சம்தான் கட்டுகிறார். அவர் வீடும் எங்கள் வீடும் ஏறக்குறைய ஒரே அளவு.

ஆட்சேபனை இருந்தால் 30 நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று அடியில் போட்டிருக்கிறது. அத்தை ரசீதை இணைத்து மனு கொடுத்தால் எடுபடுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

12.08.2022, ஆம்பூர்க்காரன்

மேடம், கவலையே வேணாம். அரசாணைப்படி நகராட்சியில அதிகபட்சம் 100 சதவீதம்தான் ஏத்தலாம். 1,030-க்கு டபுள் 2,060. அதுக்கு மேல ஒரு பைசா வாங்க முடியாது. ஒரே வரியில எழுதிக் குடுங்க, முடிஞ்சுது.

12.08.2022, காட்பாடி ஜங்ஷன்

வழிகாட்டி மதிப்பு தெருவுக்கு எவ்வளவுன்னு பத்திரப்பதிவு இணையதளத்துல பாருங்க. அது அதிகமா இருந்தா மாவட்டப் பதிவாளர்கிட்ட மனு குடுக்கலாம். நான் எங்க மனைக்கு அப்படித்தான் செஞ்சேன்.

13.08.2022, பழைய ரசீது

வருவாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், வேறு மாவட்டம். இரண்டு பேர் சொன்னதையும் முதலில் சரிசெய்துவிடுகிறேன்.

காட்பாடி தம்பி சொல்வது பத்திரம் பதிகிறபோது முத்திரைத் தீர்வைக்குப் பார்க்கிற மதிப்பு. இந்த அம்மா கேட்பது வீட்டு வரி. பதிவாளரிடம் போய்ப் பயனில்லை.

ஆம்பூர்த் தம்பி சொல்வது பாதி சரி. இந்த ஏப்ரல் உயர்வில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய பகுதிகளுக்கு மட்டும் இதைவிட அதிகம். ஆனால் அந்தச் சதவீதம் ஏற்கெனவே இருக்கிற கட்டடத்தின் வரிமேல் ஏறுவது. இவர்கள் வீட்டில் மாடி புதிதாகச் சேர்கிறது. சேர்ந்த பரப்புக்கும் வரி போட்டு, அந்த மொத்தத்தின்மேல் சதவீதம் போடுவார்கள். 2,060-க்கு மேல் வாங்கவே முடியாது என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு வரியை வைத்தே தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

அம்மா, அறிவிப்பில் மூன்று இடத்தைப் பாருங்கள். மொத்தப் பரப்பு எவ்வளவு? தெரு அல்லது மண்டலம் என்ன? உபயோகம் குடியிருப்பா, வணிகமா? பிறகு பழைய ரசீதில் சொத்துவரியை மட்டும் எடுத்துப் பழைய பரப்பால் வகுத்துப் பாருங்கள். உங்களுக்கு முதல் சாட்சி எதிர்வீடு இல்லை, உங்கள் வீட்டுப் பழைய ரசீதுதான்.

13.08.2022, மாடிரூம்

ஐயா, பார்த்தேன். கை நடுங்குகிறது.

பரப்பு 1,716 என்று இருக்கிறது. கீழே 26 பெருக்கல் 33, 858. அதன் இரண்டு மடங்கு 1,716. மாடிக்கும் கீழ்த்தளம் அளவையே போட்டுவிட்டார்கள்! மாடியில் இருப்பது 320 சதுர அடிதான், மீதி திறந்த மொட்டைமாடி. ஆக மொத்தம் 1,178.

பில் கலெக்டர் மாடிக்கு ஏறவே இல்லை. கேட் கிட்ட நின்று அண்ணாந்து பார்த்தார், "மேலயும் இருக்கா"ன்னு கேட்டார், அம்மா "இருக்குப்பா"ன்னு சொல்லியிருக்கிறாள்.

1,178 என்றால் 50 சதவீதப் படியில் வரணும். 1,716 ஆனதால் 75-க்குப் போய்விட்டது. பரப்பு ஏறினதும் தப்பு, அதனால் சதவீதம் ஏறினதும் தப்பு.

உபயோகம் குடியிருப்பு என்றுதான் இருக்கிறது. தெருவை இன்னும் பார்க்கவில்லை, கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும், அவ்வளவு பொடி எழுத்து.

13.08.2022, மாடிரூம்

வகுத்துவிட்டேன். 1,030-ஐ 858-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 1.20.

அந்த 1.20-ஐயே வைத்து அவர்கள் பரப்பையே போட்டாலும் 1,716 பெருக்கல் 1.20, அதோடு 75 சதவீதம் சேர்த்தால் 3,604 வருகிறது. 4,505 வரவில்லை. இன்னும் 900 ரூபாய் எங்கேயிருந்து வந்தது?

பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன். 4,505-ஐ 1.75-ஆல் வகுத்து, அதை 1,716-ஆல் வகுத்தால் சரியாக 1.50. அப்படியானால் எங்கள் தெருவின் விகிதமே மாறியிருக்கிறது.

13.08.2022, பழைய ரசீது

இனி தெருப் பெயரைப் படியுங்கள்.

13.08.2022, மாடிரூம்

படித்தேன் ஐயா. எங்கள் வீடு குறுக்குத் தெருவில், மெயின் ரோட்டிலிருந்து மூன்றாவது வீடு. அறிவிப்பில் தெரு என்ற இடத்தில் மெயின் ரோட்டின் பெயர் இருக்கிறது. மண்டலம் ஏ.

கதவு எண் தகரம் மாற்றியபோது எங்கள் வரிசையின் முதல் நாலு வீட்டுக்கு மெயின் ரோட்டு எண் தொடர்ச்சியாக ஒட்டிவிட்டுப் போனார்கள். அப்போது தபால்காரர் மட்டும்தான் சங்கடப்பட்டார்.

14.08.2022, மக்கன்பேடா

ஆற்காட்டிலேர்ந்து. எனக்கும் வரிப் பிரச்சனைதான்க்கா. அப்பா காலமாகி ஆறு வருஷம், வரி இன்னும் அவர் பேர்லயே வருது. பேர் மாத்தப் போனா வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, நிலுவை இல்லாத ரசீது எல்லாம் கேக்கறாங்க. நிலுவையக் கட்டப் போனா, உங்க பேர்ல இல்லையேன்னு கவுன்டர்ல சொல்றாங்க. இன்னா செய்றது?

14.08.2022, பழைய ரசீது

தம்பி, நிலுவையை யார் வேண்டுமானாலும் கட்டலாம். பழைய வரிவிதிப்பு எண்ணைப் போட்டு tnurbanepay.tn.gov.in வழியாகக் கட்டி ரசீது எடுத்துக்கொள்ளுங்கள். மீதியைத் தனியாகக் கேளுங்கள், இங்கே வேண்டாம்.

14.08.2022, மாடிரூம்

மக்கன்பேடா தம்பி, ஒரு வார்த்தை: அப்பா பெயரிலேயே சிறப்பு அறிவிப்பு வந்தால் ஆட்சேபனை கொடுக்க நீங்கள்தான் போகணும். அதற்காகவாவது பெயரை மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் நைனா இறந்த வருடமே அம்மா பெயருக்கு மாற்றினோம், இன்று அதனால்தான் அம்மா கையெழுத்துப் போட்டு மனு கொடுக்க முடிகிறது.

16.08.2022, மாடிரூம்

இரண்டு நாளாகத் தெருவில் வீடு வீடாகப் போனேன். ரசீது கேட்பது, கடன் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ரசீதில் வரி இருக்கிறது, பரப்பு இல்லை. அதனால் வீட்டை அளக்கவும் அனுமதி கேட்கணும். எதிர்வீட்டு அத்தை தானே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தார். கிடைத்தவை இவை, எல்லாம் இந்த ஏப்ரலுக்குப் பிறகு வந்த அரையாண்டு வரி:

இடப்பக்கம் 1,090 சதுர அடி, 1,962 ரூபாய்.
எதிர்வீடு 1,150 சதுர அடி, 2,070 ரூபாய்.
பின்னால் உள்ள வீடு 980 சதுர அடி, 1,940 ரூபாய்.
தெருக்கோடி வீடு 1,560 சதுர அடி, 3,276 ரூபாய்.

முதல் இரண்டும் சதுர அடிக்கு 1.80 வருகிறது. மூன்றாவது 1.98, நாலாவது 2.10. ஒரே தெருவில் மூன்று விதமாக இருக்கிறதே? இதைக் காட்டினால் "பாரும்மா, ஆளுக்கு ஆள் மாறுது, உனக்கும் மாறியிருக்கு" என்று சொல்லிவிட மாட்டார்களா? மனு போடுவதற்கே பயமாக இருக்கிறது.

16.08.2022, ஆம்பூர்க்காரன்

மேடம், 1.80 வர்ற ரெண்டையும் மட்டும் காட்டுங்க. மத்த ரெண்டையும் மறைச்சிடுங்க. அவங்க என்ன தேடியா பாக்கப் போறாங்க?

16.08.2022, பழைய ரசீது

மறைக்க வேண்டாம். பதிவேடு அவர்கள் கையில் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். மறைத்தது தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

தெருக்கோடி வீடு 1,560, அது 75 சதவீதப் படி. 1.20-உடன் 75 சதவீதம் சேர்த்தால் 2.10. சரியாகத்தான் இருக்கிறது. 1,200-க்குள் உள்ள வீட்டையும் 1,200-க்கு மேல் உள்ள வீட்டையும் சதுர அடிக் கணக்கில் நேராக ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் வரும். எல்லா வீட்டிலும் உயர்வுச் சதவீதத்தைக் கழித்துவிட்டு, அடியில் இருக்கிற விகிதத்தை எடுத்து ஒப்பிடுங்கள்.

பின் வீட்டு ரசீதை மறுபடி பாருங்கள். 1,940 என்பது நூலக வரி சேர்த்த தொகையாக இருக்கும்.

16.08.2022, மாடிரூம்

ஆமாம் ஐயா! சொத்துவரி 1,764, நூலக வரி 176. நான் அடியில் இருக்கிற மொத்தத்தை எழுதியிருக்கிறேன். ரூபாய்க்கு பத்துப் பைசா நூலக வரி. 1,764-ஐ 980-ஆல் வகுத்தால் 1.80 டாண் என்று வருகிறது.

அப்போது நாலு வீட்டுக்கும் அடி விகிதம் 1.20. எங்கள் வீட்டுக்கு மட்டும் 1.50.

17.08.2022, பழைய ரசீது

இன்னும் ஒரு வீடு வேண்டும். மெயின் ரோட்டில் உள்ள குடியிருப்பு. அங்கே 1.50 வந்தால், உங்கள் வீட்டுக்குப் போட்டது மெயின் ரோட்டு விகிதம் என்பது நிரூபணம். குறைவாகக் கட்டுகிற வீடுகளை மட்டும் காட்டினால் அது புலம்பல் போல இருக்கும். அதிகம் கட்டுகிற ஒரு வீட்டையும் காட்டி, அது ஏன் அதிகம் என்று சொன்னால்தான் வாதம்.

கட்டடங்களின் வயதையும் எழுதுங்கள். ஓட்டு வீட்டையோ போன வருடம் கட்டிய வீட்டையோ கலக்காதீர்கள். கடை இருக்கிற வீடு கூடவே கூடாது.

18.08.2022, மாடிரூம்

மூலை வீடு, வாசல் மெயின் ரோட்டில். 1,100 சதுர அடி, 2,475 ரூபாய். 50 சதவீதத்தைக் கழித்தால் 1.50.

அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வீடுதான். எல்லா வீடும் 1995-க்கும் 2003-க்கும் இடையில் கட்டியவை, எல்லாம் தளம், எல்லாவற்றிலும் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலப்பக்கத்து மாமா ரசீது கொடுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "நான் மாடியில போட்டது கணக்குலயே இல்லம்மா. நீ என் வீட்டு நம்பரை எழுதினா, நாளைக்கே டேப்போட வந்துடுவாங்க." எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. அன்று வரைக்கும் இதை நான் யோசிக்கவே இல்லை. நைனாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அந்த மாமாதான்.

அன்று சாயங்காலம் மற்ற ஐந்து வீட்டுக்கும் திரும்பப் போனேன். "உங்க வீட்டு நம்பரையும் அளவையும் மனுவுல எழுதப் போறேன், அவங்க வந்து சரிபார்க்கலாம், உங்க கணக்குல ஏதாவது விடுபட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் எழுதல" என்று கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள். பின் வீட்டு அண்ணி மட்டும் இரவு வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுக் காலையில் சொன்னார். இதைச் செய்யாமல் யாரும் அக்கம்பக்கத்து ரசீதை இணைக்காதீர்கள்.

18.08.2022, காட்பாடி ஜங்ஷன்

ஆனா வலப்பக்கத்து மாமா கட்டாத வரியை யார் கட்றது? நீங்க நியாயம் கேக்கறீங்க, அவர் தப்பிக்கறாரு. எனக்கு இது சரியாப் படல.

18.08.2022, மாடிரூம்

உங்கள் கேள்வி நியாயமானது தம்பி. என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் என்னை நம்பிச் சொன்னதை நான் அலுவலகத்தில் போய்ச் சொல்ல மாட்டேன்.

19.08.2022, மாடிரூம்

தெரு எந்த மண்டலம் என்பதற்கு நகராட்சியின் பட்டியலே வேண்டும் என்று தோன்றியது. 13-ஆம் தேதியே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு அனுப்பிவிட்டேன். யாருடைய பெயரும் கேட்கவில்லை. எங்கள் வார்டின் தெருக்கள் எந்தெந்த மண்டலத்தில் இருக்கின்றன, ஒவ்வொரு மண்டலத்துக்கும் அடிப்படை மதிப்பு எவ்வளவு, இந்த இரண்டு மட்டும். பக்கத்து வீட்டுக் கணக்கைக் கேட்டிருந்தால் தனிநபர் தகவல் என்று மறுத்திருப்பார்கள்.

அதற்குப் பதில் சொல்ல 30 நாள். எனக்கு ஆட்சேபனைக் கெடுவும் 30 நாள். பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடுமே ஐயா, என்ன செய்வது?

19.08.2022, பழைய ரசீது

காத்திருக்காதீர்கள். கையில் இருப்பதை வைத்து மனுவைக் கொடுங்கள். கடைசியில், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட ஆவணம் வந்ததும் கூடுதலாகத் தாக்கல் செய்ய அனுமதிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். கெடு தாண்டினால் எவ்வளவு நல்ல ஆதாரமும் வீண். நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

22.08.2022, மாடிரூம்

கொடுத்தாகிவிட்டது. ஆணையருக்குச் சீராய்வு மனு, இரண்டு பக்கம். முதலில் ஐந்து பக்கம் எழுதியிருந்தேன், நைனா கஷ்டப்பட்டு வீடு கட்டியது, அம்மாவின் ஓய்வூதியம் எல்லாம். ஐயா அதையெல்லாம் வெட்டச் சொன்னார். வெட்டும்போது அழுகை வந்தது, ஆனால் வெட்டியபின் படித்தால் தெளிவாக இருந்தது. மனுவின் நடுப்பகுதி இப்படி:

"1. கீழ்த்தளம் 858 சதுர அடி, மாடி 320 சதுர அடி, மொத்தம் 1,178. அறிவிப்பில் மாடிக்கும் 858 எனக் கணக்கிட்டு 1,716 எனப் பதியப்பட்டுள்ளது. மேலே சென்று அளக்கக் கோருகிறேன். 2. எனது வீடு குறுக்குத் தெருவில் உள்ளது. கிரயப் பத்திர நான்கெல்லையில் வடக்கு எல்லையாக அந்தத் தெருவே காட்டப்பட்டுள்ளது. மெயின் ரோட்டில் வாசல் இல்லை. அதே தெருவின் நான்கு வீடுகளுக்கும் எனது 2021-22 ரசீதுக்கும் அடிப்படை விகிதம் 1.20. மெயின் ரோட்டு மூலை வீட்டுக்கு 1.50. எனக்கும் 1.50 விதிக்கப்பட்டுள்ளது. 3. மேற்கண்ட இரண்டையும் திருத்தினால் அரையாண்டு வரி 2,120 ரூபாய். அவ்வளவாக நிர்ணயிக்கக் கோருகிறேன்."

தொகையை நாமே எழுதணும் என்பது ஐயா சொன்னது. "குறைத்துத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் 4,505-ஐ 4,300 ஆக்கிவிட்டு மனு ஏற்கப்பட்டது என்று முடித்துவிடலாம்.

இணைத்தவை: பழைய ரசீது, ஐந்து வீட்டு ரசீது நகல், பத்திர நகல், மின் கட்டண அட்டை, கையால் வரைந்த தெருப்படம், மொட்டைமாடியின் நாலு பக்கப் புகைப்படம்.

22.08.2022, மாடிரூம்

தபால் பிரிவில் இருந்தவர் நகலில் முத்திரை போட மறுத்தார். "ஏழாம் நம்பர் மேசையில குடும்மா" என்றார். ஏழாம் நம்பர் மேசைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணி வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து "தபால்ல குடுங்க" என்றார். கடைசியில் எதிரே இருந்த அஞ்சலகத்தில் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒரு செட் அனுப்பினேன். திரும்பி வந்தபோது தபால் பிரிவுக்காரரே கூப்பிட்டு முத்திரை போட்டுக் கொடுத்தார். இரண்டு ஆதாரமும் இருக்கிறது.

17.09.2022, மாடிரூம்

தகவல் உரிமை பதில் நேற்று வந்தது. மூன்று பக்கம், ஆறு ரூபாய். தெருப் பட்டியலில் மெயின் ரோடு ஏ மண்டலம், எங்கள் குறுக்குத் தெரு பி மண்டலம். அரசாங்கக் காகிதத்திலேயே இருக்கிறது. கூடுதல் ஆவணமாக இன்றே கொடுத்துவிட்டேன்.

அரையாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது. மனு நிலுவையில் இருக்கும்போது 4,505-ஐக் கட்டணுமா? கட்டினால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாதா?

17.09.2022, ஆம்பூர்க்காரன்

கட்டவே கூடாது மேடம். கட்டினா கேஸ் முடிஞ்சுது.

18.09.2022, பழைய ரசீது

கட்டுங்கள். கட்டியதால் உரிமை போகாது. ஆணையர் உத்தரவு பாதகமாக வந்து மேலே போவதென்றால், வரி கட்டாமல் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். மனு நிலுவையில் உள்ள நிலையில் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று தனிக் கடிதம் கொடுங்கள். குறைந்தால் மிச்சத்தை அடுத்த அரையாண்டில் வரவு வைப்பார்கள். பணமாகக் கையில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கையில் பணம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது கஷ்டம்தான். அது எனக்கும் தெரியும்.

28.09.2022, மாடிரூம்

கட்டினேன். அம்மாவின் சீட்டுப் பணம்.

19.10.2022, மாடிரூம்

இன்று அளக்க வந்தார்கள். பழைய பில் கலெக்டர் இல்லை, வருவாய் ஆய்வாளரும் இன்னொருவரும். மரியாதையாகப் பேசினார்கள். தெருவைப் பார்த்ததும் ஆய்வாளர் "இது மெயின் ரோடு இல்லையே" என்று அவரே சொன்னார். மாடியில் ரூமை அளந்து 320 என்று எழுதினார்.

அப்புறம் ஒரு இடி. மொட்டைமாடியில் துணி காயப்போட நாலு பைப் நட்டு ஒரு ஷீட் போட்டிருக்கிறோம். 10க்கு 12. சுவர் கிடையாது, கீழே சிமென்ட் தரைகூட இல்லை, வெறும் தளம். அதையும் அளந்தார். "கூரை இருந்தா பரப்புதாம்மா" என்றார்.

1,178-உடன் 120 சேர்ந்தால் 1,298. 1,200-ஐத் தாண்டிவிட்டது. 120 சதுர அடிக்கான வரி மட்டும் என்றால் பரவாயில்லை. வீடு முழுவதும் 75 சதவீதப் படிக்குப் போகிறது. 2,120 வர வேண்டியது 2,726 ஆகிறது. ஒரு ஷீட்டுக்கு அரையாண்டுக்கு 606 ரூபாய்!

மனுவில் வைத்த புகைப்படத்தில் அந்த ஷீட் பளிச்சென்று தெரிகிறது. நானே எடுத்துக் கொடுத்த படம். மனு போடுமுன் கணக்கில் 1,200-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்று பார்த்திருக்க வேண்டும்.

19.10.2022, பழைய ரசீது

இது நான் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. படி எல்லைக்கு 22 சதுர அடி தூரத்தில் இருக்கிற வீட்டில் படிக்கட்டுக் கூரை, போர்டிகோ, ஷீட் எல்லாவற்றையும் முதலில் பார்க்கணும். நான் தவறவிட்டேன்.

சுவரில்லாத தற்காலிகக் கொட்டகையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறும். நான் வேலையில் இருந்தபோது நான்கு பக்கமும் திறந்திருந்தால் விட்டுவிடுவேன். என் மேலதிகாரி சேர்க்கச் சொல்வார். எனவே இது கட்டாயம் தவறு என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

20.10.2022, மக்கன்பேடா

அக்கா, எங்க தெருவுல ஷீட்டுக்கு யாருக்கும் போடல. ஆனா யாரும் மனுவும் போடல. ஒருவேளை மனு போட்டதாலதான் ஷீட்டையும் பாத்தாங்களோ?

20.10.2022, மாடிரூம்

ஆமாம் தம்பி, மனு போட்டால் மறு அளவு வரும். மறு அளவில் நமக்கு விரோதமானதும் வரும். இருந்தாலும் 4,505-க்குப் போடாமல் இருந்திருக்க முடியாது.

15.12.2022, மாடிரூம்

உத்தரவு வந்தது. தெரு, மண்டலம் திருத்தப்பட்டது. பரப்பு 1,298. அரையாண்டு வரி 2,726, இந்த நிதியாண்டின் முதல் அரையாண்டிலிருந்து. அதிகமாகக் கட்டிய 1,779 இரண்டாம் அரையாண்டில் வரவு. அக்டோபர் முதல் மார்ச் வரைக்கு இனி 947 கட்டினால் போதும், நூலக வரி தனி.

உத்தரவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மண்டலம் பி என்ற இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இப்போது தெருவில் நாலு வீட்டில் எண் தகரத்தை மாற்ற எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்கிறார்கள், முதல் கையெழுத்து வலப்பக்கத்து மாமாதான்.

ஷீட்டுக்காக மேலே போகலாமா ஐயா?

16.12.2022, பழைய ரசீது

நகராட்சியில் மன்ற உறுப்பினர்கள் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. உத்தரவு கையில் வந்த தேதியைக் குறித்து வையுங்கள், கெடு அதிலிருந்துதான் ஓடும். சுவரில்லை, தரையில்லை, ஷீட் கழற்றக்கூடியது, அதனால் முழு வீட்டின் சதவீதமும் ஏறுகிறது என்று வாதிடலாம். கிடைக்குமா என்றால் பாதிக்குப் பாதி.

இன்னொரு வழி, ஷீட்டை எடுத்துவிட்டு அடுத்த அரையாண்டிலிருந்து மறு அளவு கேட்பது. முன்னால் கட்டியது திரும்பி வராது, ஆனால் இனி வருகிற ஒவ்வொரு அரையாண்டுக்கும் 606 ரூபாய் மிச்சம்.

16.12.2022, ஆம்பூர்க்காரன்

மேல்முறையீடு போங்க மேடம். விடாதீங்க. இது உங்க ஒருத்தருக்கு இல்ல, ஷீட் போட்டிருக்கற எல்லாருக்கும்.

18.12.2022, மாடிரூம்

இரண்டு நாள் யோசித்தேன். ஆம்பூர் சார் சொல்வது மனசுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு முட்டி வலி, கூட்டிக்கொண்டு நாலு தடவை குழு முன்னால் நிற்க முடியாது. அவள் பெயரில்தான் வீடு. மேல்முறையீடு போகவில்லை. யாராவது இதே ஷீட் விஷயத்தில் போய் உத்தரவு வாங்கினால் இங்கே எழுதுங்கள்.

12.03.2023, மாடிரூம்

ஷீட்டைக் கழற்றிவிட்டோம். புகைப்படத்துடன் மறு அளவு கேட்டுக் கடிதம் கொடுத்தேன், இந்தத் தடவை முதல் தடவையிலேயே முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். ஏப்ரல் 1-க்கு முன்னால் அளந்துவிட்டால் நல்லது. அம்மா இப்போது வெறும் கொடியில் துணி காயப்போடுகிறாள்.

நாலு பைப்பும் அப்படியே நிற்கிறது. கீரை பந்தலுக்கு ஆகும் என்று அம்மா சொல்கிறாள். விடலாமா ஐயா?

12.03.2023, பழைய ரசீது

எடுத்துவிடுங்கள் அம்மா. அளக்க வருபவர் பைப்பைப் பார்த்தால் ஷீட் திரும்ப ஏறும் என்று நினைப்பார்.

13.03.2023, மாடிரூம்

நாளைக்கு வெல்டர் வருகிறார். பைப்பை அறுத்துக் கீழே கொல்லையில் நட்டுவிடலாம் என்று அம்மாவிடம் பேசி முடித்துவிட்டேன்.